‘நடந்துவிட்டது’ என்று எழுதாதீர்கள்

கோவையில் இயந்திர உதிரி பாகங்கள் செய்யும் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். இருபது பேர் வேலை செய்கிறார்கள். பில்லைக் கையால் எழுதி, பிறகு டேலியில் ஏற்றுகிறார்கள். மாதம் அறுபது பில் சொச்சம் வரும். கணக்கு பார்ப்பவர் ஒருவர், அவருக்கு மேல் ஒரு மேலாளர். செப்டம்பர் 12ஆம் தேதி காலையில் ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் கணக்காளர் போன் செய்கிறார். “உங்க 47ஆம் நம்பர் பில்லு எங்ககிட்ட ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம்னு இருக்கு. போர்ட்டல்ல ஒரு லட்சத்து நாற்பத்தெட்டுன்னு காட்டுது. என்னன்னு பாருங்க சார்.”

நம் கணக்கருக்கு வயிற்றைப் பிசைகிறது. பில் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிறார். தாளில் 1,84,000 என்று சரியாகத்தான் இருக்கிறது. டேலியில் 1,48,000. ஏற்றியது அவரேதான். ஆகஸ்ட் மாத விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை இரண்டு நாளைக்கு முன்புதான் தாக்கல் செய்திருந்தார். மேலாளரிடம் சொல்லியாக வேண்டும். எழுத்திலும் கொடுத்தாக வேண்டும். மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுத உட்கார்கிறார். முதலில் வருவது இது:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்களிடம் இதை எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. கடந்த பத்து நாட்களாக அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் இரவில் எனக்குத் தூக்கமே இல்லை. அலுவலகத்திலும் ஒருவர் விடுப்பில் இருந்ததால் வேலைப்பளு அதிகமாக இருந்தது. இந்தச் சூழ்நிலையில் ஆகஸ்ட் மாத ஜிஎஸ்டி ரிட்டர்னில் ஒரு பில்லின் தொகை கவனக்குறைவால் மாறிப்போய்விட்டது. இதை நான் வேண்டுமென்றே செய்யவில்லை. டேலியிலும் சில சமயம் எண்கள் மாறிவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இதனால் நம் நிறுவனத்துக்குப் பெரிய நஷ்டமும் கெட்ட பெயரும் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆறு வருடங்களாக ஒரு தவறும் இல்லாமல் வேலை பார்த்துவருகிறேன் என்பது தங்களுக்கே தெரியும். இந்த ஒரு முறை மன்னித்தருளுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இனி இப்படி ஒருபோதும் நடக்காது என்று உறுதியளிக்கிறேன்.”

இதில் பொய் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பது உண்மை, பயமும் உண்மை. ஆனால் மேலாளரின் நாற்காலியில் உட்கார்ந்து இதைப் படித்துப் பாருங்கள். எந்த பில்? எவ்வளவு வித்தியாசம்? கூடவா குறைவா? யாருடைய பில்? இன்னும் சரிசெய்ய நேரம் இருக்கிறதா? ஒன்றுக்கும் பதில் இல்லை. பள்ளியில் எழுதிப் பழகிய விடுப்பு விண்ணப்பத்தின் நடையே இந்தக் கடிதத்திலும் இருக்கிறது: வணக்கம், குடும்பக் கஷ்டம், பணிவான வேண்டுகோள். தலைமையாசிரியர் ‘சரி’ அல்லது ‘இல்லை’ சொன்னால் விடுப்பு விண்ணப்பத்தின் வேலை முடிந்துவிடும். மேலாளருக்கோ இதைப் படித்த பிறகு ஏதாவது செய்தாக வேண்டும். எதைச் செய்வது என்பதுதான் கடிதத்தில் இல்லை.

திருத்தி எழுத உட்காரும்போது முதலில் கை வைக்க வேண்டியது ‘மாறிப்போய்விட்டது’ என்ற சொல்லில். தமிழில் இது ஒரு வசதியான வினை. கண்ணாடி உடைந்துவிட்டது, சாவி தொலைந்துவிட்டது, பால் பொங்கிவிட்டது. யார் உடைத்தார், யார் தொலைத்தார் என்று சொல்லாமலே வாக்கியம் முழுமையாக நின்றுவிடும். வீட்டுப் பேச்சில் இதனால் பல சண்டைகள் தவிர்க்கப்படுகின்றன, அந்த வகையில் நல்ல வினைதான். அறிக்கையில் அது வேறு விதமாக வேலை செய்கிறது. ‘தொகை மாறிப்போய்விட்டது’ என்று படித்ததும் மேலாளர் மனதில் எழும் முதல் கேள்வி ‘யார் மாற்றியது?’ என்பதுதான். மறைக்கப் பார்த்த இடத்துக்கே அவர் கண் போகிறது. ‘நான் 1,84,000க்குப் பதில் 1,48,000 என்று பதிவு செய்தேன்’ என்று எழுதிவிட்டால் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. அவர் அடுத்த விஷயத்துக்கு நகர்ந்துவிடுவார். எழுவாயாக ‘நான்’ வர வேண்டிய இடம் கடிதத்தில் இது ஒன்றுதான். நம் கணக்கரோ தூக்கமின்மைக்கும் ஆறு வருட உழைப்புக்கும் தன்னை முன்னிறுத்திவிட்டு, இந்த ஒரு இடத்தில் மட்டும் ஒதுங்கிக்கொள்கிறார்.

அடுத்தது, ‘கவனக்குறைவால்’. நம் அலுவலகங்களில் எந்தப் பிழைக்கும் காரணமாக எழுதப்படும் சொல் இது. ஆனால் இது காரணத்தைச் சொல்லவே இல்லை. கவனக்குறைவு என்று எழுதினால் அதற்கு மருந்து ‘இனி கவனமாக இருப்பேன்’ என்பது மட்டும்தான். அந்த வாக்குறுதியை யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. உண்மையில் என்ன நடந்தது என்று தேடினால் இன்னும் துல்லியமான ஒன்று கிடைக்கும்.

1,84,000இலிருந்து 1,48,000ஐக் கழித்தால் 36,000. இதை 9ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 4,000 வருகிறது. பழைய கணக்கர்களுக்குக் கைவந்த சோதனை இது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால், வரும் வித்தியாசம் எப்போதும் 9ஆல் வகுபடும். 52, 25 ஆனால் வித்தியாசம் 27. 91, 19 ஆனால் 72. இரண்டு பக்கக் கூட்டுத்தொகையும் ஒத்துவராமல், வித்தியாசம் 9ஆல் வகுபட்டால், முதலில் இடம் மாறிய இலக்கத்தைத் தேடு என்பார்கள். 9ஆல் வகுபடும் எல்லா வித்தியாசமும் இப்படி வந்ததாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் தேட ஒரு இடம் கிடைக்கும். நம் பில்லில் எட்டும் நாலும் இடம் மாறியிருக்கின்றன. தட்டச்சில் நேர்ந்த பிழை, அவ்வளவுதான். டேலி தானாக எண்ணை மாற்றியது என்ற ‘கேள்விப்பட்ட’ சங்கதிக்கு இனி இடமில்லை. அந்த வாக்கியத்தை அடித்துவிடலாம். உறுதியாகத் தெரியாத காரணத்தைப் போகிற போக்கில் எழுதிவைத்தால், கடிதத்தில் உள்ள மற்ற உண்மைகளையும் படிப்பவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

இலக்கம் எப்படி மாறியது என்று தெரிந்தாகிவிட்டது. தாக்கலுக்கு முன் அது ஏன் யார் கண்ணிலும் படவில்லை? பில் புத்தகத்தின் மாதக் கூட்டுத்தொகையை டேலியின் விற்பனைத் தொகையோடு ஒப்பிட்டிருந்தால் 36,000 ரூபாய் இடித்திருக்கும். ஒப்பிடவில்லை. தட்டச்சுப் பிழை யாருக்கும் வரும், அதைத் தடுக்க முடியாது. ஒப்பிடாமல் விட்டதைத் தடுக்கலாம். அறிக்கையில் காரணம் என்று எழுத வேண்டியது இதைத்தான்.

பிறகு, ‘பெரிய நஷ்டம்’. கணக்குப் போட்டுப் பார்ப்போம். வரி 18 சதவீதம். 1,84,000க்கு வரி 33,120 ரூபாய், 1,48,000க்கு 26,640. குறைவு 6,480. வரியைக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்குக் கடைசி நாள் 20ஆம் தேதி. அதற்குள் முழு வரியையும் கட்டிவிட்டால் வட்டி இல்லை. ஒருவேளை தவறவிட்டாலும், ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் 6,480 ரூபாய்க்கு ஒரு மாதத்துக்கு நூறு ரூபாய்கூட ஆகாது. ஆக, பெரிய நஷ்டம் என்று கணக்கர் நடுங்கியது நூறு ரூபாய்க்கு உட்பட்ட விஷயத்துக்கு!

ஆனால் அவர் எழுதாமல் விட்ட ஒரு பாதிப்பு இருக்கிறது. ஜிஎஸ்டிஆர்-1இல் செய்த பிழையை, 3பி தாக்கல் செய்வதற்கு முன்பாக, ஜிஎஸ்டிஆர்-1ஏ என்ற திருத்தப் படிவத்தில் அதே மாதத்துக்குள் சரிசெய்ய முடியும். 2024இல் வந்த வசதி இது. 3பி போய்விட்டால் பிறகு அடுத்து வரும் மாதத்தின் ஜிஎஸ்டிஆர்-1இல்தான் திருத்த முடியும். ஆனால் 1ஏ மூலம் திருத்தினாலும், அந்தத் திருத்தம் வாங்கியவரின் உள்ளீட்டு வரி வரவுப் பட்டியலில் அடுத்த மாதம்தான் வந்து சேரும். அதாவது நம் பட்டறைக்கு இழப்பில்லை, வாடிக்கையாளர்தான் 6,480 ரூபாய் வரவுக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். போன் செய்து கேட்டவரும் அவர்தானே. மேலாளர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதுவே, ஏனென்றால் அந்த வாடிக்கையாளர் அடுத்து அவரைத்தான் கூப்பிடுவார். பயத்தில் எழுதும்போது இப்படித்தான் ஆகிறது. சின்னது பெரிதாகிவிடும், உண்மையில் யாருக்குச் சிரமமோ அவர் கடிதத்திலேயே இருக்க மாட்டார்.

ஜிஎஸ்டிஆர்-1ஏ படிவத்தில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு முறைதான் தாக்கல் செய்யலாம். பில் 47ஐ அவசரமாகத் திருத்தி அனுப்பிவிட்டு, மறுநாள் பில் 52இலும் பிழை என்று தெரிந்தால், அந்த மாதத்துக்கு வழி அடைபட்டிருக்கும். அதனால் தீர்வு எழுதுவதற்கு முன் மற்ற பில்களையும் சரிபார்த்தாக வேண்டும். ஆகஸ்டில் மொத்தம் 63 பில் என்றால், பாக்கி 62ஐயும் புத்தகத்தோடு ஒப்பிட ஒரு மதியம் போதும். எந்த மேலாளரும் வாயைத் திறந்ததும் கேட்கும் கேள்வி, “வேற எதுலயாவது இருக்கா?” என்பதாகத்தான் இருக்கும். அதற்கான பதில் கையில் இல்லாமல் எழுதும் அறிக்கை பாதி அறிக்கைதான்.

அதற்காக அந்த ஒரு மதியம் முழுக்க வாய் திறக்காமல் இருக்கச் சொல்லவில்லை. போன் வந்த கையோடு மேலாளரின் அறைக்குப் போய், “சார், ஆகஸ்ட் ரிட்டர்ன்ல ஒரு பில்லைத் தப்பா ஏத்திட்டேன். வரி ஆறாயிரத்து சொச்சம் குறைவா போயிருக்கு. இருபதாம் தேதி வரைக்கும் டைம் இருக்கு. மத்த பில்லையும் பார்த்துட்டு நாளைக்கு எழுதித் தர்றேன்” என்று சொல்லிவிட வேண்டும். பிழை வாடிக்கையாளரின் வாய்வழியாக மேலாளர் காதில் விழுந்த பிறகு வரும் அறிக்கை எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் விளக்கக் கடிதமாகத்தான் படிக்கப்படும்.

13ஆம் தேதி, எல்லாம் சரிபார்த்த பிறகு, கடிதம் இப்படி ஆகிறது:

“பொருள்: ஆகஸ்ட் ஜிஎஸ்டிஆர்-1, பில் எண் 47 – தொகை ரூ.36,000 குறைவு. 16ஆம் தேதிக்குள் திருத்த அனுமதி தேவை.

ஐயா,

செப்டம்பர் 10 அன்று தாக்கல் செய்த ஆகஸ்ட் ஜிஎஸ்டிஆர்-1இல், பில் எண் 47ஐ ரூ.1,84,000க்குப் பதில் ரூ.1,48,000 என்று நான் பதிவு செய்தேன். இதனால் வரி ரூ.6,480 குறைவாகக் காட்டப்பட்டுள்ளது. வாடிக்கையாளரிடம் உள்ள பில்லில் தொகை சரியாக இருக்கிறது. 12ஆம் தேதி காலை அவர்களுடைய கணக்காளர் தொலைபேசியில் சொன்னபோது இது தெரியவந்தது.

ஆகஸ்டின் மற்ற 62 பில்களையும் பில் புத்தகத்தோடு ஒப்பிட்டேன். வேறு வித்தியாசம் இல்லை. டேலியில் இன்னும் எதையும் திருத்தவில்லை.

3பி தாக்கல் ஆகாததால் 1ஏ படிவம் மூலம் இந்த மாதமே திருத்தலாம் என்று ஆடிட்டர் உறுதிசெய்தார். 20ஆம் தேதிக்குள் முழு வரியையும் கட்டினால் வட்டி இல்லை. வாடிக்கையாளருக்கு ரூ.6,480க்கான வரவு அடுத்த மாதம்தான் கிடைக்கும்.

தங்கள் முடிவு தேவைப்படுவது இரண்டு. டேலியில் திருத்தி 1ஏ தாக்கல் செய்ய அனுமதி. வாடிக்கையாளரிடம் தாமதத்தைத் தாங்கள் சொல்வதா, நான் சொல்வதா.

காரணம்: பதிவின்போது இரண்டு இலக்கங்கள் இடம் மாறின. தாக்கலுக்கு முன் பில் புத்தகக் கூட்டுத்தொகையை டேலியோடு ஒப்பிடவில்லை. செப்டம்பர் கணக்கிலிருந்து இரண்டையும் ஒரே தாளில் எழுதி, தங்கள் கையொப்பம் பெற்ற பிறகே தாக்கல் செய்வேன்.

இந்தப் பிழைக்கு வருந்துகிறேன்.”

நீளத்தைப் பார்த்தால் முதல் கடிதத்தைவிட இது கொஞ்சமும் குறைவில்லை. சுருக்கம் என்றால் சொல் எண்ணிக்கையைக் குறைப்பது என்று நினைப்பவர்கள் “பில் 47இல் சிறு பிழை, சரிசெய்கிறேன்” என்று ஒற்றை வரியில் அனுப்பிவிடுவார்கள். அது சுருக்கமில்லை, மறைப்பு. மேலாளர் திரும்ப ஆறு கேள்வி கேட்டு, ஆறு பதில் வாங்கி, கடைசியில் நீளமான கடிதத்தைத்தான் படித்து முடிப்பார். மேலே உள்ள கடிதத்துக்கு அவர் எழுத வேண்டியது, “சரி, செய்யவும். பார்ட்டியிடம் நான் பேசுகிறேன்” என்ற ஒரு வரிதான்.

அம்மாவின் உடல்நிலை இந்தக் கடிதத்தில் இல்லை. அதைச் சொல்லவே கூடாது என்பதில்லை. வீட்டுச் சிரமத்தால் வேலை உண்மையிலேயே தடுமாறுகிறது என்றால் தனியாக, நேரில், ‘இரண்டு வாரத்துக்கு எனக்கு ஒரு ஆள் துணை வேண்டும்’ என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அது வேறு பேச்சு. பிழை அறிக்கையில் கலந்தால் இரண்டுமே கெடும்: பிழைக்குச் சாக்கு சொன்னதாகவும், அம்மாவின் நோயைக் கேடயமாகப் பிடித்ததாகவும் படிக்கப்படும்.

மன்னிப்பு கடைசியில் ஒரு வரியாக இருப்பது சிலருக்கு உறுத்தலாம். பெரியவர்களிடம் முதலில் பணிவு, பிறகுதான் விஷயம் என்று வளர்ந்தவர்கள் நாம். ‘ஐயா’ இருக்கட்டும், ‘தங்கள்’ இருக்கட்டும், முதல் வரியிலேயே ‘வருந்துகிறேன்’ என்றாலும் குடி முழுகாது. ஆனால் ஒரு முறை போதும். ‘மன்னித்தருளுமாறு தாழ்மையுடன்’ என்று நீளும்போது, மேலாளர் பிழையைச் சரிசெய்யும் வேலையை விட்டுவிட்டு எழுதியவரைத் தேற்றும் வேலைக்கு வர வேண்டியிருக்கிறது.

தீர்வு எழுதும்போது பலர் இடறும் இடம், தன் அதிகாரத்துக்கு மீறி வாக்குக் கொடுப்பது. ‘வாடிக்கையாளருக்கு அடுத்த பில்லில் 6,480 ரூபாய் கழித்துக்கொடுத்துவிடலாம்’ என்று கணக்கர் எழுதினால் அது நல்ல எண்ணம்தான், ஆனால் அவர் எடுக்கக்கூடிய முடிவு அல்ல. அதைவிட ஆபத்தானது, யாருக்கும் தெரியாமல் டேலியில் எண்ணை மாற்றிவிட்டு, பிறகு ‘சரிசெய்துவிட்டேன்’ என்று எழுதுவது. கையெழுத்துப் பேரேடு இருந்த காலத்தில், தப்பான எண்ணைச் சுரண்டி அழிக்கக் கூடாது. அது படிக்கும்படியாகவே ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியான எண்ணை எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். அந்த வழக்கம் கணினியிலும் தொடர்கிறது. 2023 ஏப்ரல் 1இல் தொடங்கிய நிதியாண்டு முதல், கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில், எந்தப் பதிவு எப்போது மாற்றப்பட்டது என்ற தடம் இருந்தாக வேண்டும், அதை அணைத்துவைக்கவும் கூடாது. அறிக்கை மறைத்தாலும் மென்பொருள் சொல்லிவிடும்.

இந்த முறை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஒருவருக்குக் காயம் பட்டிருந்தாலோ, பணம் காணாமல் போயிருந்தாலோ, காப்பீட்டுக் கோரிக்கை வரும் என்றாலோ, கண்டதையும் செய்ததையும் நேரத்தோடு எழுதி நிறுத்திக்கொள்ள வேண்டும். காரணத்தை நாமே தீர்மானித்து எழுதக் கூடாது. அதேபோல, ஒழுங்கு நடவடிக்கை ஏற்கெனவே தொடங்கிவிட்டால் கதை வேறு. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 17(அ) அல்லது 17(ஆ) விதியின் கீழ் குறிப்பாணை வந்துவிட்டது, தனியார் நிறுவனத்தில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்துவிட்டது என்றால், அப்போது எழுதும் ஒவ்வொரு வரியும் விசாரணைக் கோப்பில் போய் உட்காரும். சங்கத்தையோ வழக்கறிஞரையோ கேட்காமல் பதில் எழுத வேண்டாம். நாம் இதுவரை பேசியது அதற்கு முந்தைய கட்டம், பிழை தெரிந்த முதல் ஓரிரு நாட்கள்.

அப்படி ஒரு கடிதம் உங்கள் மேசையில் பாதி எழுதிக் கிடந்தால், அனுப்புவதற்கு முன் தேதிகளை மட்டும் ஒருமுறை பாருங்கள். பிழை தெரிந்த தேதி முதலில், கடிதத்தின் தேதி அடுத்து, திருத்தத்தின் தேதி அதற்கும் பின்னால். வருடம் கழித்து ஆடிட்டர் கோப்பைத் திறக்கும்போது இந்த மூன்றும் இதே வரிசையில் இருக்க வேண்டும்.